வாட்ஸ்அப் பிசினஸ் உரையாடல்களை சிஆர்எம்-இல் சேர்ப்பது: பழைய செய்திகள் எவ்வளவு வரும், எது வராது?

திருகாணி · மார்ச் 3, காலை

தண்ணீர் சுத்திகரிப்பான் சர்வீஸ் செய்கிறோம். ஒரே எண்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் ஒரு போனில் இருக்கிறது, அதையே இரண்டு கணினிகளிலும் இணைத்து மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் விவரம், சர்வீஸ் தேதி, மாற்றிய ஃபில்டர் எல்லாம் சிஆர்எம்-இல். பேசிய பேச்சு மட்டும் போனுக்குள். புகார் வந்தால் ஒருவர் போனைத் தேடி எடுத்து, உருட்டி, ஸ்க்ரீன்ஷாட் போட வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஆள் செய்த உலாவி நீட்சியோ, வெப் திரையைச் சுரண்டி எடுக்கும் நிரலோ வேண்டாம். எண் முடக்கப்பட்டால் தொழிலே நின்றுவிடும். அதிகாரபூர்வ வழியில் இணைத்தால், போனில் ஆப் அப்படியே இருக்குமா? பழைய உரையாடல் எவ்வளவு வரும்?

மின்மினி · மார்ச் 3, காலை

ஏபிஐ-க்கு, அதாவது ஆப் இல்லாமல் நிரல் வழியாகச் செய்தி அனுப்பிப் பெறும் வழிக்குப் போனால் அந்த எண்ணில் ஆப் இருக்கக்கூடாது. ஆப் கணக்கை அழித்துவிட்டுத்தான் எண்ணைப் பதிய வேண்டும். பழைய உரையாடல் ஒன்றும் வராது. எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் செய்தோம்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 3, மதியம்

மின்மினி சொல்வது நெடுநாள் உண்மையாக இருந்தது. இன்றும் நேரடியாக ஏபிஐ-இல் மட்டும் பதியும் எண்ணுக்கு அதே கதைதான். ஆனால் இப்போது ஆப்பும் கிளவுட் ஏபிஐ-யும் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கும் வழி வந்துவிட்டது. கோஎக்ஸிஸ்டென்ஸ் என்பார்கள். உங்கள் சிஆர்எம் நிறுவனமோ, இடையில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பங்காளரோ தரும் பதிவுத் திரையில் ‘ஏற்கெனவே இருக்கும் பிசினஸ் ஆப் கணக்கை இணை’ என்ற பாதையை எடுக்க வேண்டும். எண்ணைக் கொடுத்ததும் ஆப்புக்கே ஒரு செய்தி வரும். அதன் வழியாகப் போனில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் இணைந்துவிடும்.

அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். ‘உரையாடல் வரலாற்றைப் பகிரலாமா’ என்று ஆப் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் பழைய செய்தி வராது, சிஆர்எம் பக்கம் 2593109 என்ற பிழை எண் மட்டும் வந்து நிற்கும். சரி என்றால் அதிகபட்சம் கடைசி ஆறு மாதத்து ஒருவருக்கொருவர் பேசிய உரையாடல் வரும். அதற்கு முந்தையது வராது. குழு உரையாடல் எதுவும் வராது.

இன்னொன்று. இணைந்த 24 மணி நேரத்துக்குள் சிஆர்எம் தரப்பு வரலாற்று ஒத்திசைவைத் தொடங்கியாக வேண்டும். தவறினால் இணைப்பைத் துண்டித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் ‘இணைத்த உடனே தானாகத் தொடங்குமா, யாராவது பொத்தானை அழுத்த வேண்டுமா’ என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை இணைக்காதீர்கள்.

நீலவானம் · மார்ச் 3, மாலை

எனக்கும் இதே தேவை. எங்களிடம் இருக்கும் எல்லா எண்களுக்கும் ஒரே நேரத்தில் சலுகை அறிவிப்பு அனுப்ப வேண்டும். இந்த இணைப்பில் எத்தனை பேருக்கு அனுப்பலாம்?

கணக்குப்பிள்ளை · மார்ச் 3, மாலை

நீலவானம், இங்கே பேசுவது வந்த பேச்சைச் சேமிப்பது பற்றி. மொத்தமாக அனுப்புவதற்கு ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட், வாடிக்கையாளரின் முன்சம்மதம், ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம் என்று அது வேறு உலகம். ஒன்று மட்டும் உங்களுக்கும் பொருந்தும்: கோஎக்ஸிஸ்டென்ஸ் போட்டால் ஆப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் பட்டியல் வேலை செய்யாது. அதை நம்பி இருந்தால் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

திருகாணி · மார்ச் 4

நன்றி சார். ஆறு மாதம் எங்களுக்குப் போதும், ஃபில்டர் சுழற்சியே அந்த அளவுதான். அதற்கு முந்தையதில் முக்கியமான சிலரது உரையாடலை மட்டும் ஆப்பிலேயே ஏற்றுமதி செய்து, அந்த உரைக் கோப்பை வாடிக்கையாளர் அட்டையில் இணைப்பாகப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை · மார்ச் 4

அது போதும். இணைப்பாகவே வையுங்கள், உடைத்துச் செய்திகளாக ஏற்றாதீர்கள். ஏற்றுமதிக் கோப்பில் செய்தி ஐடி கிடையாது. தேதியும் நேரமும் பெயரும் மட்டும்தான். ஏபிஐ வழி வரும் வரலாற்றோடு அதைக் கலந்தால் எது எதன் நகல் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அஞ்சறை · மார்ச் 5

நாங்கள் இணைத்தபோது கணினிகளில் இருந்த இணைப்பெல்லாம் அறுந்துபோனது. ஊழியர்கள் பதறிவிட்டார்கள். திரும்ப இணைத்தால் சரியாகிவிடுகிறது, ஆனால் விண்டோஸ் ஆப் ஆதரவுப் பட்டியலில் இல்லை. உலாவியில் வாட்ஸ்அப் வெப் திறந்துதான் வேலை செய்கிறோம். முதல் நாளே சொல்லியிருந்தால் பதற்றம் இருந்திருக்காது.

அப்புறம், மறையும் செய்தி வசதியும் ஒருமுறை மட்டும் பார்க்கும் படமும் தனி உரையாடல்களில் நின்றுவிட்டன. எங்களுக்கு அது நல்லதுதான், பதிவு வேண்டும் என்றுதானே இணைக்கிறோம்.

திருகாணி · மார்ச் 9, இரவு

இணைத்தாயிற்று. பகிர்வுக்குச் சரி சொன்னேன், ஒத்திசைவு தானாகத் தொடங்கியது. சிஆர்எம்-இல் பேச்சு கொட்ட ஆரம்பித்தது. முதலில் நேற்று, இன்று. அப்புறம் மூன்று மாதம் வரை. கடைசியில் ஆறு மாதம்.

பார்த்ததில் இரண்டு குழப்பம். ஒன்று, சில உரையாடல்களில் பதில் மேலேயும் கேள்வி கீழேயும் இருக்கிறது. இரண்டு, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ‘மீடியா’ என்று சாம்பல் பெட்டி. எங்கள் தொழிலில் படம்தான் உயிர். வாடிக்கையாளர் மாடல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புவார், அதைப் பார்த்துத்தான் ஃபில்டர் எடுத்துப் போவோம்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 9, இரவு

முதல் குழப்பம் எளிது. வரலாறு துண்டு துண்டாக வரும், அந்தத் துண்டுகள் வரிசையாக வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு துண்டின் தலையிலும் இப்படி இருக்கும்:

```json
"metadata": {
  "phase": 1,
  "chunk_order": 3,
  "progress": 55
}
```

`phase` 0 என்றால் இணைப்பதற்கு முந்தைய கடைசி ஒரு நாள், 1 என்றால் 90 நாள் வரை, 2 என்றால் 180 நாள் வரை. `progress` 100 ஆகும் வரை எதையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகும் வரிசை தவறாக இருந்தால், சிஆர்எம் செய்தி வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அடுக்குகிறது என்று பொருள். ஒவ்வொரு செய்தியிலும் `timestamp` என்று நொடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். அடுக்க வேண்டியது அதை வைத்துத்தான். வந்து சேர்ந்த நேரம் வேறு, பேசிய நேரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் புலம் இருக்க வேண்டும். ‘நான் அன்றே சொன்னேனே’ என்று வாடிக்கையாளர் சொல்லும்போது பதில் சொல்லப்போவது அந்த இரண்டாவது புலம்தான்.

படங்கள் பற்றி நாளை எழுதுகிறேன், அது நீளும்.

மின்மினி · மார்ச் 10, காலை

அதுவரை நான் ஒன்று சொல்கிறேன். நகல் செய்திகளும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வர் உரிய பதில் தராவிட்டால் மெட்டா அதே வெப்ஹூக்கை, அதாவது செய்தி வந்ததும் உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பை, திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் `wamid.` என்று தொடங்கும் ஐடி உண்டு. அதைத் தனித்தன்மை உள்ளதாக வைத்துவிட்டு, இரண்டாவது முறை வந்தால் ஒதுக்கிவிட வேண்டும்:

```sql
INSERT INTO messages (message_id, customer, sent_at, type, body)
VALUES ($1, $2, $3, $4, $5)
ON CONFLICT (message_id) DO NOTHING;
```

கணக்குப்பிள்ளை · மார்ச் 10, மதியம்

ஐடி-யைத் தனித்தன்மையாக வைப்பது முழுக்கச் சரி. ஆனால் கடைசி வரியில்தான் திருகாணியின் சாம்பல் பெட்டி ஒளிந்திருக்கலாம்.

வரலாற்றில் வரும் படச் செய்தி முதலில் படமாக வராது. `media_placeholder` என்ற வகையில் வெறும் இடம்பிடித்தலாக வரும். இணைந்த நாளிலிருந்து பின்னோக்கி 14 நாளுக்குள் அனுப்பிய படமாக இருந்தால், பிறகு தனி வெப்ஹூக்கில் அதே செய்தி மீடியா ஐடி-யோடு மறுபடி வரும். மின்மினியின் நிரல் இரண்டாவதை நகல் என்று நினைத்துத் தள்ளிவிடும். படம் வந்தது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். எனவே:

```sql
ON CONFLICT (message_id) DO UPDATE
SET type = EXCLUDED.type, body = EXCLUDED.body
WHERE messages.type = 'media_placeholder';
```

ஏற்கெனவே இருப்பது இடம்பிடித்தல் என்றால் மட்டும் மாற்று, மற்றபடி தொடாதே.

14 நாளுக்கு முந்தைய படங்கள் சாம்பல் பெட்டியாகவேதான் இருக்கும். அவை போனில் மட்டும்தான் உண்டு. திருகாணி, உங்கள் மாடல் எண் படங்களில் பழையவற்றை யாராவது உட்கார்ந்து போனிலிருந்து எடுத்து அட்டையில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. படத்தையே ஏற்ற வேண்டாம், அதில் இருக்கும் மாடல் எண்ணைப் படித்து அட்டையில் தட்டச்சு செய்தாலே பாதி வேலை முடிந்தது. தேடவும் முடியும்.

அஞ்சறை · மார்ச் 10, மாலை

படங்களில் எங்களுக்கு நடந்தது வேறு. பழையது போகட்டும், புதிதாக வரும் படங்களும் ஒரு நேரம் தெரியும், அடுத்த வாரம் திறந்தால் தெரியாது. எங்களுக்குச் செய்து கொடுத்த ஒருவர் படத்தைச் சேமிக்காமல் அதன் முகவரியை மட்டும் சேமித்து வைத்திருந்தார்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 10, மாலை

இது அடிக்கடி நடக்கிறது. வெப்ஹூக்கில் வருவது மீடியா ஐடி மட்டும். அதைக் கொடுத்துக் கேட்டால் ஒரு முகவரி தருவார்கள், அது ஐந்து நிமிடம்தான் செல்லும். அதுவும் அணுகல் டோக்கனோடு கேட்டால்தான் கோப்பு இறங்கும். ஐடி-யும் நிரந்தரம் இல்லை. ஆகவே செய்தி வந்த உடனே கோப்பை இறக்கி உங்கள் சேமிப்பிடத்தில் வைத்துவிட வேண்டும். ‘யாராவது திறந்தால் அப்போது இறக்கலாம்’ என்று எழுதிய நிரல் எல்லாம் சோதனையின்போது அழகாக வேலை செய்யும், ஏனென்றால் சோதிப்பவர் உடனே திறந்து பார்க்கிறார்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘படம் உங்கள் சேமிப்பிடத்தில் இருக்கிறதா, மெட்டாவின் முகவரியில் இருக்கிறதா?’ பதில் குழப்பமாக வந்தால், பல வாரத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நீலவானம் · மார்ச் 11

ஒரு சந்தேகம். சர்வர் படுத்துவிட்டால், எழுந்த பிறகு ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செய்திகளைக் கொடு’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? மின்னஞ்சலில் செய்வது போல.

கணக்குப்பிள்ளை · மார்ச் 11

முடியாது. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கிளவுட் ஏபிஐ-இல் பழைய செய்திகளைக் கேட்டு வாங்கும் அழைப்பு கிடையாது. வெப்ஹூக்கில் வரும்போது பிடித்தால் உண்டு. பிடிக்காவிட்டால் இடைவெளி விட்டு விட்டு ஏழு நாள் வரை திரும்ப அனுப்பிப் பார்ப்பார்கள், அதோடு சரி. இணைக்கும்போது ஒருமுறை வரும் வரலாறு மட்டும்தான் விதிவிலக்கு.

இதனால் வரவேற்பு நிரல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வெப்ஹூக்கில் வந்த முழு உறையையும் அப்படியே ஒரு அட்டவணையில் எழுதி, உடனே ‘கிடைத்தது’ என்று பொருள்படும் 200 சொல்லிவிட வேண்டும். யாருடைய எண், எந்த வாடிக்கையாளர் அட்டை, படத்தை இறக்குவது எல்லாம் அதற்குப் பிறகு, தனி வேலையாக. சிஆர்எம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக வாசலில் நிற்பவரைக் காக்க வைக்கக் கூடாது. மூல உறையைச் சில காலம் வைத்திருந்தால் இன்னொரு நன்மை: பிற்பாடு நிரலில் பிழை கண்டால், அதே உறைகளை மறுபடி ஓட்டிச் சரிசெய்யலாம்.

திருகாணி · மார்ச் 14

இப்போது படங்கள் வருகின்றன. `DO NOTHING` தான் காரணம், எங்களுக்கு இணைப்பைச் செய்து கொடுத்த பெண் பார்த்தவுடன் ஒப்புக்கொண்டு மாற்றினார். இணைப்பை அறுத்துத் திரும்ப இணைக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். மூல உறைகளை வைத்திருந்ததால் அவற்றையே மறுபடி ஓட்டினார், அந்த 14 நாள் படங்களில் பெரும்பாலானவை கிடைத்தன.

இன்று வந்த ஓர் உரையாடலை முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தேன். காலை 10:02-க்கு வாடிக்கையாளர் ஸ்டிக்கர் படம் அனுப்பி, ‘இதுக்கு ஃபில்டர் இருக்கா’ என்று கேட்டார். அட்டையில் படம், கேள்வி இரண்டும் வந்தன. 10:10-க்கு எங்கள் ஆள் போனிலிருந்தே ‘இருக்கு, நாளைக்கு வரோம்’ என்றார். அதுவும் அட்டையில் வந்தது, சிஆர்எம்-ஐத் தொடாமலே. மாலையில் நான் சிஆர்எம்-இலிருந்து நேரத்தை எழுதி அனுப்பினேன், போனிலும் தெரிந்தது. மூன்று இடமும் ஒரே பேச்சு.

மறுபடி குழப்பம் ஒன்று. வேறொரு பழைய வாடிக்கையாளருக்கு சிஆர்எம்-இலிருந்து எழுதினால் 131047 என்று பிழை. போனிலிருந்து எழுதினால் போகிறது. ஏன் இப்படி?

மின்மினி · மார்ச் 14

24 மணி நேரச் சாளரம். வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால் ஏபிஐ வழியாக டெம்ப்ளேட் மட்டும்தான் போகும். ஆப்புக்கு அந்த விதி இல்லை.

கணக்குப்பிள்ளை · மார்ச் 14

மின்மினி சொன்னதில் மாற்றமில்லை. போனிலிருந்து அனுப்பியது எதிரொலியாக, `smb_message_echoes` என்ற வெப்ஹூக்கில் சிஆர்எம்-க்கு வந்துவிடும். சில நிறுவனங்கள் `messages` புலத்துக்கு மட்டும் சந்தா எடுத்து இதை விட்டுவிடுவார்கள். அப்போது அட்டையில் வாடிக்கையாளர் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் முதலில் அந்தச் சந்தாவைப் பாருங்கள்.

போனை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் ஆப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துபோகலாம்.

அஞ்சறை · மார்ச் 16

எங்களுக்குத் தீராத ஒன்று: போனிலிருந்து போன பதிலை யார் எழுதினார் என்று அட்டையில் தெரிவதில்லை. சிஆர்எம்-இலிருந்து எழுதினால் ஊழியர் பெயர் இருக்கிறது. எதிரொலியில் வருவது நிறுவனத்தின் எண் மட்டும். தவறான தேதி சொன்னது யார் என்று கேட்டால் மூவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 16

எதிரொலியில் ஆள் பெயர் இருக்காது, ஏனென்றால் ஆப்புக்கு எல்லாம் ஒரே கணக்கு. பதில் எழுதுவோர் சிஆர்எம்-இல் மட்டும் எழுதட்டும், போன் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும் என்று வைப்பதுதான் நான் பார்த்த ஒரே சுத்தமான ஏற்பாடு.

அஞ்சறை · மார்ச் 16

களத்தில் இருக்கும் ஆள் போனில்தான் எழுதுவார் சார். ஒவ்வொரு செய்திக்கும் சிஆர்எம் திறக்க மாட்டார். செய்தியின் கடைசியில் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னேன், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மின்மினி · மார்ச் 17

எங்களிடம் அது ஓரளவு ஓடுகிறது, ஆனால் ஊழியர்கள் குறைவு. பெரிய குழுவுக்கு நிற்காது என்று நினைக்கிறேன்.

திருகாணி · மார்ச் 18

வேறு ஒரு பக்கம். ஒரு வாடிக்கையாளர் இரண்டு அட்டைகளில் இருக்கிறார். சிஆர்எம்-இல் நாங்கள் எண்ணை நாட்டுக் குறியீடு இல்லாமல் வைத்திருந்தோம். வெப்ஹூக்கில் குறியீட்டோடு, முன்னால் கூட்டல் குறி இல்லாமல் வருகிறது. பொருந்தாததால் புதிய அட்டை உருவாகிவிட்டது. பட்டியலில் இன்னும் நிறைய இருக்கும்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 18

பழைய எண்களையெல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் இரட்டை அட்டைகளைச் சேருங்கள். சேர்க்கும்போது உரையாடல் எந்த அட்டையோடு போகிறது என்று ஓரிரண்டைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். எண்ணை மட்டுமே அடையாளமாக வைப்பதும் இனி நெடுநாள் போதாது. பயனர்பெயர் வசதி வரும்போது வாடிக்கையாளரின் எண் இல்லாமலும் செய்தி வரலாம், அதற்கென்று நிறுவனத்துக்குத் தனி அடையாளம் தருவோம் என்று மெட்டா அறிவித்திருக்கிறது. அட்டையில் அதற்கு இப்போதே ஒரு புலம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

நீலவானம் · மார்ச் 19

ஒரு வாடிக்கையாளர் ‘என் பேச்சையெல்லாம் அழித்துவிடுங்கள்’ என்றால்? போனில் அழித்தால் போதுமா?

கணக்குப்பிள்ளை · மார்ச் 19

போதாது. போனில் நீங்கள் அழிப்பது சிஆர்எம்-இல் உள்ள நகலைத் தொடாது. அட்டையில் உள்ள செய்தி, சேமிப்பிடத்தில் உள்ள படம், நான் வைக்கச் சொன்ன மூல உறை, மூன்றும் தனித்தனி இடம். மூல உறைக்குக் குறிப்பிட்ட காலம் வைத்துத் தானாக அழியும்படி செய்துவிட்டால் ஒரு தலைவலி குறையும்.

திருகாணி · மார்ச் 21

மூல உறையை முப்பது நாளில் அழிக்கச் சொல்லிவிட்டேன். எண்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் வேலை இந்த வாரம். யார் எழுதியது என்ற கேள்விக்கு இங்கே யாராவது நல்ல ஏற்பாடு வைத்திருந்தால் எழுதுங்கள், களத்தில் போனைத் தவிர வேறு எதையும் திறக்காத ஆட்களோடு வேலை செய்கிறவர்கள் குறிப்பாக.